சூரியோதய மலையேற்றப் படத்துக்கு மேற்கோளும் விளக்கமும் எழுதுவது எப்படி?



கிளையிலிருந்து மலையேற்றம் போய் வந்தால் அடுத்த நாளே புலனக் குழுவில் இருநூறு படங்கள் குவிந்துவிடும். அவற்றில் ஒன்றுதான் ஆண்டறிக்கைக்கும் இதழுக்கும் போகும். "யாராவது ஒரு பொன்மொழி போட்டு, கீழே ரெண்டு வரி எழுதிக் கொடுங்க" என்று செயலாளர் கேட்பார். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வேலை முடிந்துவிடும். 'சூரியன்' என்று தேடி, முதலில் வந்த பொன்மொழியை எடுத்து ஒட்டி, "சிகரத்தை வென்ற தருணம்!" என்று எழுதி அனுப்பிவிடுவோம். பத்து வருடம் கழித்து அந்த இதழை எடுத்துப் பார்ப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். பயிற்சிக்காக நாமே வைத்துக்கொள்ளும் படம் இது. இடம் சிலாங்கூர், செமினிக்குப் பக்கத்தில் உள்ள புரோகா மலை. உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருட்டில் நடக்கத் தொடங்கி, லாலாங் புல் மூடிய சரிவில் ஏறி, ஒன்றன் பின் ஒன்றாக வரும் உச்சிகளைத் தாண்டிப் போகும் பாதை. உயரம் ஏறக்குறைய 400 மீட்டர்.

படத்தில் இருப்பது இதுதான். ஒரு பாறைச் சரிவு. மேலே நிற்கும் இளைஞர் குனிந்து கையை நீட்டுகிறார். கீழே ஒரு பெண் அந்தக் கையைப் பிடிக்கப் போகிறார். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பின்னால் கிழக்கு வானம் செக்கச் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பின்பக்கம் இருப்பதால் இருவரும் கறுப்பு உருவமாகத்தான் தெரிகிறார்கள், முகம் தெரியவில்லை. சூரியனும் தெரியவில்லை.

முதலில் படத்தை வாசியுங்கள்

மேற்கோள் தேடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி இரண்டு நிமிடம் பாருங்கள். 'இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?' என்று கேட்டு, ஒரு வினைச்சொல்லில் பதில் எழுதுங்கள். 'அழகு', 'இயற்கை', 'வெற்றி' எல்லாம் இங்கே பதில் ஆகாது, அவற்றில் வினை இல்லை. நம் படத்துக்குப் பதில்: 'கை நீட்டுகிறார்.'

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தேடல் முழுவதும் இந்த ஒரு சொல்லால்தான் திசை மாறுகிறது. சூரியோதய மலையேற்றத்தில் எடுத்த படம் என்பதற்காகச் சூரியனைப் பற்றிய மேற்கோளைத் தேடினால், படத்தின் பின்னணிக்கு மேற்கோள் கிடைக்கும், படத்துக்குக் கிடைக்காது. இங்கே வானம் பின்னணி. விஷயம் கையில் இருக்கிறது.

அடுத்து, வெளிச்சம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இதற்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. நாம்தான் எல்லாவற்றையும் 'சூரிய உதயம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இரவின் கடைசிப் பகுதி, இருட்டு இன்னும் விலகாத நேரம், வைகறை. கைவிளக்கோடு வரிசையாக ஏறும் படங்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். சூரியன் வருவதற்கு முன் கிழக்கு சிவப்பது அருணோதயம். சூரியனின் தேரை ஓட்டும் அருணன் முன்னால் வருகிறான் என்பது அந்தப் பெயரின் பொருள். சூரிய வட்டத்தின் விளிம்பு தொடுவானத்துக்கு மேலே தெரிந்த பிறகுதான் சூரியோதயம். நம் படத்தில் வானம் சிவந்திருக்கிறது, வட்டம் இல்லை. ஆகவே இது அருணோதயப் படம்.

நம் நாட்டில் இந்தக் கட்டங்கள் சீக்கிரம் மாறிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்வாக இல்லாமல், ஏறக்குறைய நேராக மேலே எழுகிறது. வானம் நன்றாக வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் தெரியும் வரை இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதனால் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள்கூட வேறு வேறு கட்டத்தைக் காட்டலாம். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அந்தப் படத்தின் நேரத்தையே எழுதுங்கள்.

நேரம் எழுதும்போது நிறையப் பேர் யோசிக்காமல் "காலை 6 மணிச் சூரியன்" என்று போட்டுவிடுவார்கள். தீபகற்ப மலேசியாவில் அது நடக்காது. 1982 ஜனவரி 1 அன்று நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதன் பிறகு கோலாலம்பூர்ப் பகுதியில் சூரியோதயம் ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டித்தான் வருகிறது, பிப்ரவரியில் 7.20-ஐயும் தாண்டிவிடும். சபாவில் கினபாலு மலையேறியவர்கள் 6 மணி என்று எழுதினால் சரியாக இருக்கும், அவர்கள் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறார்கள். புரோகாவுக்கு அப்படி எழுதினால், அங்கே ஏறியவர் படித்தவுடன் சிரித்துவிடுவார்.

சரியான நேரம் படம் எடுத்தவரின் கைப்பேசியில், படத்தின் விவரத்தில் இருக்கும். புலனத்தில் சாதாரணப் படமாக வந்ததில் அந்த விவரம் பெரும்பாலும் நீங்கிவிடும். படம் வந்து சேர்ந்த நேரம்தான் தெரியும். அதனால் எடுத்தவரையே கேளுங்கள்: "அண்ணா, அந்த மூலப்படத்தைத் திறந்து மணி என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க." நம் படத்துக்கு அப்படிக் கேட்டுக் கிடைத்த விடை: ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 6.58. அன்று சூரியன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இப்போது படம் வேறு மாதிரி தெரிகிறதா? உச்சியில் போய் நிற்க வேண்டிய கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் நின்று, திரும்பி, கீழே கை நீட்டியிருக்கிறார். இதற்காகத்தான் நேரத்தைத் தேடச் சொன்னேன்.

மேற்கோளைச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படத்துக்கு நம் பிள்ளைகள் வழக்கமாகக் கொண்டு வரும் மேற்கோள்கள் நான்கை எடுத்துப் பார்ப்போம். வரிகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. நூலைத் திறந்து நீங்களே பார்த்து எழுத வேண்டும். அதுவும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

முதலாவது, விவேகானந்தர் பெயரில் எல்லோருக்கும் தெரிந்த வாசகம். எழுந்திரு, இலக்கை அடையும் வரை நிற்காதே என்ற கருத்துள்ளது. அது கட உபநிடதத்தில் (1.3.14) எமதர்மன் நசிகேதனுக்குச் சொல்வதை விவேகானந்தர் இளைஞர்களுக்கு ஏற்ற வடிவில் எடுத்துச் சொன்னது. மூலத்தில் சொல்லப்படும் இலக்கு ஆத்ம ஞானம். அந்தப் பாதை கத்தி முனை போலக் கூர்மையானது, கடப்பதற்கு அரியது என்று அதே மந்திரம் சொல்கிறது. மலை உச்சிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றில்லை. ஆனால் நம் படத்தில் இருப்பவர் நின்றிருக்கிறார். இலக்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்னொருவருக்காக நின்றிருக்கிறார். 'நிற்காதே' என்ற வாசகத்தைக் கீழே போட்டால் படம் ஒன்று சொல்லும், மேற்கோள் வேறொன்று சொல்லும். நல்ல வாசகம்தான், இந்தப் படத்துக்கு ஆகாது.

இரண்டாவது, தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சி, முதல் பாசுரம். கதிரவன் கிழக்குத் திசையின் சிகரத்தை வந்து அடைந்துவிட்டான், இருள் நீங்கிவிட்டது என்று தொடங்குகிறது. சூரியோதயம், மலைச்சிகரம் இரண்டும் ஒரே அடியில்! பார்த்தவுடன் எடுத்துவிடத் தோன்றும். ஆனால் நம் படத்தில் கதிரவன் இன்னும் வரவில்லை. அதோடு, அது திருவரங்கத்துப் பெருமாளைத் துயில் எழுப்பும் பாசுரம். வானவர்களும் அரசர்களும் வந்து காத்திருக்கிறார்கள், எழுந்தருள வேண்டும் என்று போகிறது. மனிதர் யாரும் இல்லாமல், மலைத்தொடருக்கு மேலே சூரிய வட்டம் மட்டும் தெரியும் படம் உங்களிடம் இருந்தால் இதை வையுங்கள், அருமையாக அமையும். நம் படத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது, திருமுருகாற்றுப்படை. மலை என்றால் முருகன், முருகன் என்றால் நக்கீரர் என்று மனம் போகும். நூலின் தொடக்கமும் சூரியோதயம்தான். ஆனால் நக்கீரர் முருகனின் ஒளிக்கு உவமையாகச் சொல்வது கடலுக்கு மேலே எழும் ஞாயிறு. கிள்ளான் கரையிலோ குவாந்தான் கரையிலோ எடுத்த படம் என்றால், குவாந்தான் படத்துக்கு அது பொருந்தும், அங்கேதான் சூரியன் கடலிலிருந்து எழும். கிள்ளான் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே கடலில் பார்ப்பது மறையும் சூரியனை. ஒரு சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக மேற்கோளை எடுத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். திருக்குறளில்கூட 481-ஆம் குறளில் பகல் வருகிறது. காகம் ஆந்தையைப் பகலில் வென்றுவிடும் என்ற செய்தி. அது அரசன் போருக்குக் காலம் பார்ப்பதைப் பற்றிய அதிகாரம். 'பகல்' என்ற சொல்லைப் பார்த்து அதை எடுத்தால் படத்துக்கும் அதற்கும் ஒட்டே இருக்காது.

நான்காவது, திருக்குறள் 788, நட்பு அதிகாரம். கட்டியிருக்கும் உடை நழுவினால் நம் கை எப்படிச் சட்டென்று போய் அதைப் பிடிக்கிறதோ, அப்படி நண்பனின் துன்பத்தை உடனே போய்த் தீர்ப்பதுதான் நட்பு என்கிறார் வள்ளுவர். இதில் சூரியன் இல்லை, மலை இல்லை, காலை இல்லை. ஆனால் படத்தில் நடப்பது அப்படியே இருக்கிறது. குறளில் கை, படத்தில் கை. குறள் சொல்லும் வேகம், யாரும் கேட்பதற்கு முன்பே போகும் அந்த வேகம், படத்தில் ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது.

இதுதான் பொருத்தம் என்பது. மேற்கோள் படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்லக் கூடாது. படத்தோடு முரண்படவும் கூடாது. படத்தில் நடக்கும் செயலை எடுத்து, படம் சொல்ல முடியாத ஒரு பொருளை அதற்குக் கொடுக்க வேண்டும்.

வலைத்தளங்களில் பெரியவர்களின் படத்தோடு சுற்றும் பொன்மொழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நூல், எந்த உரை, எந்த ஆண்டு என்று காட்ட முடியாத வாசகத்தை இதழில் போடாதீர்கள். பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக நாம் அச்சடித்தால், அடுத்தவர் நம் இதழையே ஆதாரமாகக் காட்டுவார்.

குறளைப் படத்தில் வைக்கும் முறை

குறளுக்கு இரண்டு அடி. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. கைப்பேசிச் செயலியில் தட்டச்சு செய்யும்போது, கட்டத்தின் அகலத்துக்கு ஏற்ப அது தானாகவே வரியை உடைத்துவிடும். மூன்று, மூன்று, ஒன்று என்று மூன்று வரியாகிவிட்டால் குறள் தன் நடையை இழந்துவிடும். எழுத்தளவைக் குறைத்தாவது இரண்டு அடியையும் இரண்டு வரியில் நிறுத்துங்கள்.

இடம் இல்லை என்று ஒரு அடியை மட்டும் போடாதீர்கள். 788-இல் முதல் அடி வெறும் உவமை. அதை மட்டும் போட்டால் உடை நழுவியவனைப் பற்றிய வரியாக நிற்கும். நட்பு என்ற சொல்லே வராது. படிப்பவர் குழம்பிப்போவார். சிரிக்கவும் சிரிப்பார்.

எழுத்து வானத்தில் இருக்கட்டும். நம் படத்தில் மேல் வலது பக்கம் சிவந்த வானம் காலியாக இருக்கிறது, அங்கே வெள்ளை எழுத்து தெளிவாகத் தெரியும். கைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எழுத்தால் மூடிவிடாதீர்கள், படத்தின் உயிரே அதுதான். குறளுக்குக் கீழே சிறிய எழுத்தில் 'திருக்குறள் 788' என்று எண்ணோடு போடுங்கள்.

இனி படவிளக்கம்

முதலில், வழக்கமாக வரும் ஒரு விளக்கத்தைப் பார்ப்போம்:

"அழகிய சூரிய உதயத்தைக் கண்டு மகிழும் எமது கிளை இளைஞர்கள். சிகரத்தை வென்ற தருணம்!"

ஒவ்வொரு சொல்லாகச் சோதித்துப் பாருங்கள். 'அழகிய' என்பதை வாசகரே பார்த்துக்கொள்வார். 'சூரிய உதயம்' இன்னும் ஆகவில்லை. 'மகிழும்' என்று சொல்ல முகமே தெரியவில்லை. 'சிகரம்' என்பதும் சரியில்லை, அவர்கள் இன்னும் சரிவில்தான் நிற்கிறார்கள். 'வென்ற' என்ற சொல்லுக்குப் படத்தில் இடமே இல்லை. மிஞ்சுவது 'எமது கிளை இளைஞர்கள்' மட்டும்தான். இரண்டு வாக்கியத்தில் மூன்று சொல் தேறியது.

விளக்கத்தின் வேலை, படம் காட்ட முடியாததைச் சொல்வது. எந்த இடம், எந்த நேரம், என்ன நடக்கிறது, இதற்குப் பிறகு என்ன ஆனது. நம் படத்துக்கு இப்படி எழுதலாம்:

"புரோகா மலை, செமினி, காலை 6.58. கடைசிப் பாறைச் சரிவில், முன்னால் ஏறியவர் திரும்பி நின்று கை கொடுக்கிறார். சூரியன் வர இன்னும் பத்து நிமிடம். அன்று கிளம்பிய பதினான்கு பேரும் ஒன்றாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்."

இதில் 'நட்பு' என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? அதைக் குறள் சொல்லிவிட்டது. மேற்கோள் சொன்னதையே விளக்கமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். மேற்கோள் பொருளைச் சொல்லட்டும். விளக்கம் நடந்ததைச் சொல்லட்டும். முடிவில் ஒரு அறிவுரையைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். "பத்து நிமிடம்" என்று படித்தவர் மறுபடி படத்தைப் பார்ப்பார், அந்தக் கையைப் பார்ப்பார். அது போதும்.

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். பன்னிரண்டு பேர் உச்சிக்குப் போய், இரண்டு பேர் முதல் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் அப்படியே எழுதுங்கள்: "பன்னிரண்டு பேர் உச்சியிலும், இருவர் முதல் உச்சியிலும் அன்றைய சூரியனைப் பார்த்தார்கள்." இதில் யாருக்கும் குறைவு இல்லை. 'அனைவரும் வென்றோம்' என்று எழுதினால்தான் அந்த இருவருக்கும் குத்தும். இதழைக் கையில் வாங்கும்போது, தாங்கள் அந்த 'அனைவரில்' இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கீழே நிற்பவரைக் கேட்டீர்களா?

கை கொடுக்கும் படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுப்பவர் நல்லவராகத் தெரிவார். வாங்குபவர் இயலாதவராகத் தெரிவார். "ஏற முடியாமல் தவித்தவருக்கு உதவி" என்று எழுதிவிட்டால், அந்தத் தங்கையின் வீட்டிலும் பள்ளியிலும் படிப்பார்கள், அந்த வரி ஆண்டுக்கணக்கில் நிற்கும். அவர் உண்மையில் தவித்தாரா என்றும் நமக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு கடைசியாக ஏறியவராகக்கூட இருக்கலாம். படத்தைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்காதீர்கள். 'தவித்தவர்', 'பின்தங்கியவர்' போன்ற சொற்களை விட்டுவிட்டு, 'கை கொடுக்கிறார்' என்று நடந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் இருவருக்கும் படத்தையும் விளக்கத்தையும் காட்டுங்கள். "தங்கச்சி, இப்படிப் போடலாமா? பேர் போடணுமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அம்மா அப்பாவிடமும் கேட்க வேண்டும். முகம் தெரியாத கறுப்பு உருவப் படத்தில் பெயர் இல்லாவிட்டாலும் குறையில்லை. பெயர் போடுவதென்றால் 'மேலே', 'கீழே' என்று குறித்துப் போடுங்கள். இல்லையென்றால் எது யார் என்று தெரியாது. 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் வேறு படத்தைத் தேடுங்கள். இருநூறு படம் இருக்கிறதே.

பயிற்சி

உங்கள் கிளையின் கடைசி மலையேற்றத்திலிருந்து ஒரு படத்தை எடுங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: படத்தில் நடக்கும் வினை, வெளிச்சம் வைகறையா, அருணோதயமா, சூரியோதயமா, எடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நேரம், படத்தில் தெரியாத ஒரு உண்மை. பிறகு திருக்குறளில் ஊக்கமுடைமை (60), ஆள்வினையுடைமை (62), நட்பு (79) ஆகிய மூன்று அதிகாரங்களை முழுதாக வாசியுங்கள், முப்பது குறள்தான். உங்கள் வினைச்சொல்லுக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள். இருட்டில் விளக்கோடு ஏறும் படம் என்றால் 611-ஐ மறக்காமல் பாருங்கள்; கடினம் என்று மனம் தளராதே என்ற கருத்து அதில் இருக்கிறது.

விளக்கத்தை முப்பது சொல்லுக்குள் எழுதி, மலைக்கு வராத ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஏதோ ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் மறுபடி படத்தைப் பார்த்தால், அனுப்பிவிடலாம்.